ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒட்டியிருந்தன என்பதற்கு என்ன சான்று? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்டப் பெயர்ச்சியைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் உலக வரைபடத்தில் தொடங்குவார்கள், அல்லது குமரிக்கண்டத்தில். இரண்டுக்கும் கீழே பதில் உண்டு. உலகம் முழுவதையும் சுற்றி வராமல், தென் அட்லாண்டிக்கின் இரு கரைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு சான்றும் எங்கே பலமானது, எங்கே சறுக்கும் என்பதை மிகத் தெளிவாகக் காட்டும் இடம் அதுதான்.

பிரேசிலின் மூக்கு கினி வளைகுடாவுக்குள் பொருந்துவதுபோல் தெரிகிறது. அது வெறும் தற்செயலாக இருக்கக் கூடாதா?

இருக்கலாம். கடற்கரைப் பொருத்தம் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், சந்தேகப்படுபவர் பக்கம்தான் நியாயம். போதுமான அளவு திருப்பித் திருப்பி வைத்தால் எந்த இரண்டு வளைவுகளும் ஓரளவு ஒத்துப்போகும். 1596-இல் வரைபடம் தயாரிப்பவரான ஆர்ட்டீலியஸ் இந்த ஒற்றுமையைக் குறிப்பிட்டார். 1858-இல் ஸ்னைடர் பெல்லெக்ரினி இரு கண்டங்களையும் ஒட்டிப் படமே போட்டார். இருந்தும் அது வேடிக்கையான செய்தி என்பதைத் தாண்டவில்லை.

1912 ஜனவரியில் ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெகெனர் ஃபிராங்க்ஃபர்ட்டில் பேசியபோது வேறொன்றைச் செய்தார். விளிம்பு பொருந்துகிறது என்பதோடு நிற்காமல், விளிம்பை ஒட்டினால் பாறை, தொல்லுயிர், பழைய காலநிலை ஆகியவையும் தொடர்ச்சியாக வருகின்றனவா என்று பார்த்தார். கரை கிழிந்த ஓலையின் விளிம்பு என்றால், பாறைகள் அதில் எழுதிய வரிகள். விளிம்பு தற்செயலாகப் பொருந்திவிடலாம், கிழிந்த இடத்தைக் கடந்து வரிகளும் தற்செயலாகத் தொடர்வது கடினம்.

பொருத்திப் பார்ப்பதற்குக் கடற்கரையை விட்டுவிட்டுக் கடலுக்கடியில் இருக்கும் கோட்டை எடுக்கிறார்களே, ஏன்?

கடற்கரை என்பது கண்டத்தின் விளிம்பு கிடையாது. இன்றைய கடல்மட்டம் தற்செயலாக நிலத்தைத் தொடும் கோடு, அவ்வளவுதான். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று வரைபடம் போட்டிருந்தால் கடற்கரை வேறெங்கோ இருந்திருக்கும்.

கண்டம் கரைக்கு அப்பால் ஆழம் குறைந்த திட்டாக நீள்கிறது. அதன் முனையில் கடலடி செங்குத்தாகச் சரிந்து இறங்குகிறது. கண்டம் உடைந்த இடம் அந்தச் சரிவில்தான் இருக்கிறது. 1958-இல் வாரன் கேரி 2,000 மீட்டர் ஆழக்கோட்டை எடுத்துக்கொண்டு ஒரு கோளத்தின் மேல் பொருத்திக் காட்டினார். 1965-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த எட்வர்ட் புல்லர்ட், எவரெட், ஸ்மித் மூவரும் பல ஆழங்களைக் கணினியில் சோதித்தார்கள். மிகக் குறைந்த பிழை தந்தது 500 ஃபேதம் கோடு, அதாவது சுமார் 914 மீட்டர் ஆழம். சரிவு செங்குத்தாக இருப்பதால் சில நூறு மீட்டர் ஆழத்தை மாற்றினாலும் கோடு பக்கவாட்டில் அதிகம் நகராது. தட்டையான திட்டின் மேல் கோடு போட்டால் அந்த உறுதி கிடைக்காது.

இவர்கள் செய்ததில் இன்னொரு விஷயமும் கவனிக்க வேண்டியது. கண்ணால் பார்த்து 'பொருந்துகிறது' என்று சொல்லாமல், இடைவெளியையும் மேல்படிதலையும் எண்ணாக மாற்றி, அந்த எண் எங்கே மிகக் குறைவு என்று கணினியைத் தேட வைத்தார்கள். தேடும்போது பாறைகளைப் பற்றிய எந்தத் தகவலையும் உள்ளே விடவில்லை. இது பின்னால் முக்கியமாகும்.

நானே வீட்டில் பொருத்திப் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் அட்லாஸைக் கத்தரிக்காதீர்கள். பள்ளிச் சுவரில் தொங்கும் மெர்க்கேட்டர் வரைபடம் துருவத்தை நோக்கிப் போகப் போக நிலத்தை இழுத்துப் பெரிதாக்கும். ஆப்பிரிக்காவின் தென்முனை இருக்கும் 34 பாகை அட்சத்தில் நீளம் ஏறத்தாழ 20 சதவீதம் கூடித் தெரியும். தென் அமெரிக்காவின் தென்முனை இருக்கும் 55 பாகையில் அது 70 சதவீதத்தைத் தாண்டும். இரண்டு கண்டங்களும் வெவ்வேறு அளவில் வீங்கியிருக்கையில் பொருத்தம் எப்படி வரும்?

30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டை ஒன்று போதும். அதில் 1 மி.மீ. என்பது ஏறத்தாழ 42.5 கி.மீ. மெல்லிய, நெகிழும் பாலித்தீன் தாளைத் தென் அமெரிக்காவின் மேல் சுருக்கமில்லாமல் படிய வைத்து, கரைக்கு வெளியே வெளிர்நீலமாகக் காட்டப்படும் திட்டின் ஓரத்தை மார்க்கரால் வரையுங்கள். பிறகு தாளை அப்படியே நகர்த்தி ஆப்பிரிக்காவின் திட்டோடு சேருங்கள். தாளை இழுத்து நீட்டினால் எதுவும் எதோடும் பொருந்திவிடும் என்பதால் அதில் மட்டும் எச்சரிக்கை. பிரேசிலின் மூக்கு ஏறத்தாழ 11.6 செ.மீ. நகர வேண்டியிருக்கும். நேராக நகர்த்தினால் மட்டும் போதாது, கடிகாரம் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பவும் வேண்டும்.

கோளத்தின் மேல் எந்த நகர்வையும் ஏதோ ஒரு முனையைச் சுற்றிய ஒற்றைச் சுழற்சியாகச் சொல்லிவிடலாம் என்பது ஆய்லரின் தேற்றம். புல்லர்ட் குழு கண்ட விடை: 44.0 பாகை வடக்கு, 30.6 பாகை மேற்கு என்ற புள்ளியைச் சுற்றி 57 பாகை. பைத்தான் தெரிந்தவர்கள் பிரேசிலின் மூக்கில் உள்ள ரெசிஃபே நகரம் எங்கே போய் விழுகிறது என்று இப்படிக் கணக்கிடலாம்:

```python
from math import *
def vec(lat, lon):
    a, b = radians(lat), radians(lon)
    return (cos(a)*cos(b), cos(a)*sin(b), sin(a))
p = vec(44.0, -30.6)
v = vec(-8.05, -34.9)
t = radians(57.0)
d = sum(i*j for i, j in zip(p, v))
k = (p[1]*v[2]-p[2]*v[1],
     p[2]*v[0]-p[0]*v[2],
     p[0]*v[1]-p[1]*v[0])
r = [v[i]*cos(t) + k[i]*sin(t) + p[i]*d*(1-cos(t))
     for i in range(3)]
print(degrees(asin(r[2])), degrees(atan2(r[1], r[0])))
```

தெற்கு அட்சமும் மேற்குத் தீர்க்கமும் எதிர்மறை எண்கள். அந்தக் கழித்தல் குறியை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. சரியாகப் போட்டால் விடை 4.2 பாகை வடக்கு, 7.8 பாகை கிழக்கு என்று வரும். நைஜீரியாவின் கலாபார் நகருக்குத் தென்மேற்கே 100 கி.மீ. தள்ளி, கினி வளைகுடா உள்வாங்கும் மூலைக்குள்ளேயே ரெசிஃபே போய் உட்காருகிறது.

அடுத்து ரியோ டி ஜெனிரோவின் -22.9, -43.2 என்ற எண்களை இட்டுப் பாருங்கள். அது அங்கோலாவின் லோபிட்டோ துறைமுகத்துக்கு மேற்கே சுமார் 270 கி.மீ. கடலில் விழும். பதற வேண்டாம். ரியோவுக்கு எதிரே உள்ள அகன்ற திட்டும், அங்கோலாப் பக்கத்துத் திட்டும் சரிவும் அந்த இடத்தை நிரப்புகின்றன. கரையைக் கரையோடு ஒட்டியிருந்தால் அந்தத் திட்டுகளுக்கு இடமே இருந்திருக்காது.

பொருத்தத்தில் சில இடங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறதே, சில இடங்களில் இடைவெளி இருக்கிறதே?

ஆமாம், அவற்றை யாரும் மறைக்கவில்லை. புல்லர்ட் குழு தங்கள் படத்திலேயே அவற்றைத் தனி நிறத்தில் காட்டினார்கள். ஒவ்வொன்றும் எதனால் வந்தது என்று கேட்டால்தான் பொருத்தம் உண்மையா என்று தெரியும்.

பெரிய மேல்படிதல் நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வருகிறது. கண்டங்கள் பிரிந்த பிறகு அந்த ஆறு கொட்டிச் சேர்த்த வண்டல் அது. பிரிந்த நாளில் அந்த நிலமே இல்லை. ஆகவே அங்கே மேல்படிதல் வராமலிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும். நமீபியாவுக்கு எதிரே வால்விஸ் மேடு கடலுக்குள் நீள்வதும் இதுபோலத்தான். அது பிரிவின்போதும் பிறகும் எரிமலைகள் எழுப்பியது.

இன்னொரு குறை நியாயமானது. வடக்கில் இறுக்கிப் பொருத்தினால் தெற்கில் இடைவெளி விழுகிறது. ஆப்பிரிக்கா ஒரே விறைப்பான துண்டு என்று வைத்துக்கொண்டதன் விளைவு இது. பிரியும் காலத்தில் ஆப்பிரிக்காவும் உள்ளுக்குள் கொஞ்சம் இழுபட்டது. நைஜீரியாவில் பெனுவே ஆறு ஓடும் நீண்ட பள்ளம் அப்படிக் கிழியத் தொடங்கிப் பாதியில் நின்றுபோன இடம். இப்போதைய கணக்குகள் இரு கண்டங்களையும் சில துண்டுகளாகப் பிரித்து, அவற்றைக் கொஞ்சம் அசைய விட்டுப் பொருத்துகின்றன.

பாறைகள் தொடர்கின்றன என்கிறீர்கள். விரும்பிய இடத்தில் விரும்பிய பாறையைத் தேடி எடுத்து 'இதோ பார்' என்று காட்ட முடியாதா?

முடியும், பழைய ஒப்பீடுகள் சிலவற்றில் அந்தக் குறை இருந்தது. அதைத் தவிர்க்க ஒரே வழி, எங்கே என்ன கிடைக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பிறகு போய்ப் பார்ப்பது. 1967-இல் வெளியான பாட்ரிக் ஹர்லி குழுவின் ஆய்வு அதைத்தான் செய்தது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு சான்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நாங்கள் இதைத்தான் வைத்துக்கொள்வோம்.

மேற்கு ஆப்பிரிக்காவின் அடித்தளப் பாறைகளில் இரண்டு பகுதிகள் உண்டு. மேற்கே கானா, ஐவரி கோஸ்ட் பக்கம் உள்ளவை ஏறத்தாழ 200 கோடி ஆண்டுப் பழமை. கிழக்கே பெனின், நைஜீரியா பக்கம் உள்ளவை ஏறத்தாழ 60 கோடி ஆண்டு வயது காட்டும். இரண்டுக்கும் நடுவே எல்லை கூர்மையானது. அது கானாவின் தலைநகர் அக்ராவுக்கு அருகே தென்மேற்காக இறங்கிக் கடலுக்குள் போய்விடுகிறது.

புல்லர்ட் பொருத்தத்தின்படி கண்டங்களைச் சேர்த்தால் அந்த எல்லை பிரேசிலில் எங்கே கரையேற வேண்டும்? வடகிழக்குக் கரையில் சாவோ லூயிஸ் நகருக்கு அருகே. மேலே உள்ள நிரலில் சாவோ லூயிஸின் -2.53, -44.3 என்ற எண்களை இட்டால் 2.5 பாகை வடக்கு, 3 பாகை மேற்கு வரும். அக்ராவிலிருந்து நேர் தென்மேற்கே 450 கி.மீ. ஹர்லியின் எம்.ஐ.டி. குழுவும் சாவோ பாலோ பல்கலைக்கழகத்தினரும் பிரேசில் பாறைகளை எடுத்து வயது பார்த்தார்கள். சாவோ லூயிஸைச் சுற்றி 200 கோடி ஆண்டுப் பாறை ஒரு சின்னத் துண்டாக ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டியதும் 60 கோடி ஆண்டுப் பாறை. ஆப்பிரிக்காவின் பழைய நிலத்திலிருந்து பிய்ந்த ஒரு விளிம்பு பிரேசிலோடு போய்விட்டிருக்கிறது.

விளிம்பைப் பொருத்தியவர்களுக்குப் பாறையின் வயது தெரியாது. வயது பார்த்தவர்கள் பொருத்தத்தைத் தங்கள் விருப்பத்துக்கு நகர்த்தவில்லை. இரண்டும் தனித்தனியாக வந்து ஒரே இடத்தில் சந்தித்தன.

அந்த வயதை எப்படி நம்புவது? பாறை சூடானால் கணக்கு மாறிவிடாதா?

மாறும். பாறையில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்து ஆர்கானாக மாறுகிறது, அரை ஆயுள் ஏறத்தாழ 125 கோடி ஆண்டு. சேர்ந்த ஆர்கானை அளந்து வயது பார்க்கிறார்கள். ஆர்கான் ஒரு வாயு. பாறை பிறகு நன்றாகச் சூடானால் சேர்ந்திருந்த ஆர்கான் வெளியேறிவிடும், கடிகாரம் மறுபடி பூஜ்ஜியத்திலிருந்து ஓடத் தொடங்கும். அதனால் இந்த முறை தருவது பாறை கடைசியாகக் குளிர்ந்த வயது. ருபீடியம் சிதைந்து ஸ்ட்ரோன்ஷியமாவதை அளக்கும் முறை இந்தச் சூட்டைப் பெரும்பாலும் தாங்கும், குறிப்பாக முழுப் பாறையையும் அரைத்து அளக்கும்போது. ஹர்லி குழு இரண்டு முறைகளையும் பயன்படுத்தியது. இரண்டும் ஒரே வயது தந்தால் பாறை பிறந்ததிலிருந்து பெரிதாகச் சூடாகவில்லை, வேறு வேறு தந்தால் பிற்காலத்தில் சூடுபட்டிருக்கிறது. இங்கே தேடியது எந்த நிலம் 60 கோடி ஆண்டுக்கு முன் சூடுபட்டது, எது படவில்லை என்ற எல்லையை. ஆகவே கடிகாரம் திரும்பத் தொடங்கியதே பயனுள்ள செய்தியாகிவிட்டது.

ஒரே பெயருள்ள பாறை இரண்டு கண்டங்களில் கிடைத்தால் அது சான்றாகுமா?

ஆகாது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கம் கிடைக்கும் சார்னோகைட் நல்ல உதாரணம். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் கிடந்த கல் இந்த வகை என்பதால் தாமஸ் ஹாலண்ட் அந்தப் பெயரை வைத்தார். அண்டார்டிகாவிலும் சார்னோகைட் உண்டு. ஆனால் போதுமான ஆழமும் வெப்பமும், குறைந்த நீரும் இருந்தால் எங்கு வேண்டுமானாலும் அது உருவாகும். பெயர் ஒன்று என்பதால் உறவு கொண்டாட முடியாது. வயது, அமுக்கத்தின் வரலாறு, மடிப்புகளின் திசை, பக்கத்தில் என்ன பாறை என்பதெல்லாம் சேர்ந்து பொருந்த வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைகளும் கிழக்கு அண்டார்டிகாவின் ரெய்னர் பகுதியும் ஏறத்தாழ 100 கோடி ஆண்டுக்கு முந்தைய ஒரே மலையாக்கத்தைக் காட்டுவதால்தான் அவற்றை அடுத்தடுத்து வைக்கிறார்கள்.

இரு கரைகளிலும் எலும்பு கிடைக்கும் மெசோசாரஸ் நீரில் வாழ்ந்த பிராணிதானே? நீந்திக் கடந்திருக்கலாமே?

பாடப்புத்தகங்கள் இதைச் சற்று எளிதாக்கிவிடுகின்றன. 'நன்னீர்ப் பிராணி, ஆகவே கடலைக் கடக்க முடியாது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது வாழ்ந்தது நன்னீர் ஏரியிலா, உப்பேறிய உள்நாட்டுக் கடலிலா என்ற கேள்வியில் இப்போது உப்புநீர்ப் பக்கம்தான் சாய்வு அதிகம். ஆகவே அந்த ஒற்றை வரியை நம்பி வாதாடாதீர்கள்.

வாதத்தின் பலம் வேறிடத்தில் இருக்கிறது. ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுள்ள, மெல்லிய ஊசிப் பற்கள் கொண்ட இந்த ஊர்வன, சுமார் 28 கோடி ஆண்டுக்கு முன் வாழ்ந்தது. அட்லாண்டிக்கை நீந்திக் கடக்க முடிந்த பிராணி என்றால் உலகின் வேறு கரைகளிலும் கிடைத்திருக்க வேண்டும். கிடைப்பதோ பிரேசில், உருகுவே, பராகுவே பக்கத்து வடிநிலத்திலும், எதிரே தென்னாப்பிரிக்கா, நமீபியாவிலும் மட்டுமே. அதோடு, எலும்பு கிடைக்கும் பாறையும் ஒன்றுதான். பிரேசிலில் இராட்டி அடுக்கு, தென்னாப்பிரிக்காவில் வைட்ஹில் அடுக்கு. இரண்டும் கரிமம் நிறைந்த கறுப்புக் களிப்பாறை. இராட்டியில் எண்ணெய் எடுக்கும் அளவுக்குக் கரிமம் இருக்கிறது. வைட்ஹில் பாறையோ வெளியில் வெயில்பட்ட பக்கம் வெளுத்துவிடும். உடைத்தால் உள்ளே கறுப்பு. 1923-இல் தென்னாப்பிரிக்கப் புவியியலாளர் அலெக்சாண்டர் டு டாய்ட் தென் அமெரிக்காவுக்கே போய், தன் ஊரில் பழகிய பாறை வரிசையை அங்கே அடுக்கடுக்காக அடையாளம் கண்டார். நீந்திப் போகும் பிராணி தான் வாழ்ந்த சேற்றையும் அதன் மேல் கீழ் அடுக்குகளையும் தூக்கிக்கொண்டு போகாது.

தெற்குக் கண்டங்களில் தொல்லுயிராகக் கிடைக்கும் குளோசாப்டெரிஸ் மரத்தின் விதை காற்றில் பறந்து பரவியிருக்கலாமே?

சில மில்லிமீட்டர் அளவுள்ள விதைகள் அவை. காற்று அவற்றைப் பக்கத்துக் காட்டுக்குக் கொண்டுபோகலாம், பெருங்கடலைத் தாண்டிக் கொண்டுபோகாது. ஆனால் தீவுகளுக்குச் செடிகள் போய்ச் சேரும் வழிகள் பல என்பதால், இதையும் தனியாக நிறுத்தினால் அசைக்கலாம். அசைக்க முடியாதது பரவலின் வடிவம்: இந்தியா, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா. காற்றுக்கு இப்படித் தேர்ந்தெடுக்கத் தெரியாது.

இலையை அடையாளம் காண்பது சுலபம். நாக்கு வடிவம், நடுவில் தடித்த நரம்பு, இருபுறமும் வலைபோலப் பின்னிய நரம்புகள். ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரிச் சுரங்கங்களின் கூரைப் பாறையில் அச்சு அச்சாகக் கிடைக்கும். நெய்வேலியில் தேடாதீர்கள், அங்குள்ள பழுப்பு நிலக்கரி இந்த மரங்கள் அழிந்து மிக நீண்ட காலத்துக்குப் பிறகு உருவானது. 1912-இல் தென் துருவத்திலிருந்து திரும்பும் வழியில் இறந்த ஸ்காட் குழுவினர், நடக்கவே முடியாத நிலையிலும் ஏறத்தாழ 16 கிலோ பாறையைச் சறுக்குவண்டியில் இழுத்து வந்திருந்தார்கள். அதில் குளோசாப்டெரிஸ் இலையும் இருந்தது.

கண்டங்கள் நகரவே வேண்டாம், நடுவில் இருந்த நிலப்பாலம் மூழ்கிவிட்டது என்று சொல்லலாமே?

வெகெனர் காலத்தில் பெரும்பாலோர் சொன்ன பதில் இதுதான். சிக்கல் எடையில் இருக்கிறது. கண்டப் பாறையின் அடர்த்தி கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.7 கிராம், கடலடிப் பாறைக்கு 2.9-க்கு மேல். கட்டை தண்ணீரில் மிதப்பதுபோல் கண்டம் கீழுள்ள கனமான பாறையின் மேல் மிதக்கிறது. ஓரங்கள் இழுபட்டு மெலிந்தால் கொஞ்சம் தாழும். ஆனால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் அகலப் பாலம் நான்கைந்து கிலோமீட்டர் ஆழத்துக்கு அமிழ்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடாது. தென் அட்லாண்டிக்கின் அடித்தளத்தைத் துளைத்தால் வருவது பசால்ட். கடலின் நடுவே நீளும் மேட்டில் மிக இளையது, கரைகளை நெருங்க நெருங்கப் பழையது, மிகப் பழையதே 13 கோடி ஆண்டை ஒட்டியது. மூழ்கிய பாலத்தின் மிச்சத்துக்கு அங்கே இடமில்லை.

பனியாறு உராய்ந்த தடங்கள் எப்படிச் சான்றாகும்?

பனியாறு நகரும்போது அடியில் சிக்கிய கற்கள் தரைப்பாறையில் இணையான கீறல்களைப் போடும். கீறல் கோட்டைத் தரும், திசையைத் தராது. கீறலின் கூடவே வரும் பிறைவடிவ வெடிப்புகள், ஒருபக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் பிய்ந்தும் இருக்கும் பாறை முட்டுகள் ஆகியவை பனி எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடும். நிலச்சரிவும் கற்களைக் கலந்து கொட்டும் என்பதால், கற்களே தட்டையாகத் தேய்ந்து பல திசைகளில் கீறப்பட்டிருக்கின்றனவா, மெல்லிய வண்டல் அடுக்கைக் குத்திக்கொண்டு விழுந்த தனிக்கல் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள்.

தெற்கு பிரேசிலில் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுக்கு முந்தைய தடங்களில் ஒரு பகுதி, பனி தென்கிழக்கிலிருந்து வந்ததைக் காட்டுகிறது. இன்று அங்கே இருப்பது அட்லாண்டிக். பனியாறு உயரமான நிலத்தில் சேர்ந்து தாழ்வை நோக்கி வழிவது, ஆழ்கடலிலிருந்து நிலத்துக்கு ஏறாது. ஆப்பிரிக்காவைக் கொண்டுவந்து ஒட்டினால் பனியின் பிறப்பிடம் நமீபியா மேட்டுநிலமாகிவிடுகிறது. நமீபியாவின் வடமேற்கில் அந்தப் பனி குடைந்த பள்ளத்தாக்குகள் இன்றும் நிலத்தில் தெரிகின்றன, பிரேசிலை நோக்கித் திறந்தபடி.

இந்தியாவிலும் இதே பனி இருந்தது. ஒடிசாவின் தால்ச்சேர் அருகே கிடக்கும் கூழாங்கல் அடுக்கைப் பனியின் வேலை என்று 1856-இலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் அருகே இராய் என்ற இடத்தில் கீறப்பட்ட தரையையே பார்க்கலாம்.

இவ்வளவு இருந்தும் வெகெனரை ஏன் ஏற்கவில்லை?

இரண்டு காரணங்கள், இரண்டிலும் எதிர்த்தவர்களிடம் நியாயம் இருந்தது. கண்டங்களைத் தள்ளுவது பூமியின் சுழற்சியால் வரும் விசையும் அலையேற்ற விசையும் என்றார் வெகெனர். புவி இயற்பியலாளர் ஹெரால்ட் ஜெஃப்ரீஸ் கணக்குப் போட்டு, அவை பல மடங்கு போதாது என்று காட்டினார். அது சரியான கணக்கு. அடுத்து, கிரீன்லாந்து ஆண்டுக்குப் பல மீட்டர் நகர்கிறது என்று பழைய தீர்க்கரேகை அளவைகளை வைத்து வெகெனர் சொன்னார். அளவைப் பிழையை நகர்வு என்று எடுத்துக்கொண்டுவிட்டார்.

உண்மை வேகத்தை மேலே உள்ள எண்களிலிருந்தே கணிக்கலாம். ரெசிஃபே கினி வளைகுடா மூலையிலிருந்து நகர்ந்த தூரம் ஏறத்தாழ 4,900 கி.மீ. அந்தப் பகுதி பிரிந்து ஏறத்தாழ 11 கோடி ஆண்டு. வகுத்தால் ஆண்டுக்குச் சராசரி 4.5 செ.மீ. இன்று செயற்கைக்கோள்கள் அளப்பது இதைவிடச் சற்றுக் குறைவு, ஏனெனில் இடையில் ஒரு காலத்தில் வேகம் கூடியிருந்தது. இந்த அளவை 1920-களின் கருவிகளால் பிடித்திருக்கவே முடியாது. வெகெனர் 1930 நவம்பரில் கிரீன்லாந்துப் பனியில் இறந்தார்.

அப்படியானால் லெமூரியா, குமரிக்கண்டம்?

லெமூரியா என்பது 1864-இல் விலங்கியலாளர் ஃபிலிப் ஸ்க்லேட்டர் வைத்த பெயர். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் வகை விலங்குகளும் அவற்றின் உறவுகளும் இருப்பதை விளக்க, நடுவில் மூழ்கிய கண்டம் ஒன்றை அவர் கற்பனை செய்தார். மேலே சொன்ன நிலப்பாலத்தின் இந்தியப் பெருங்கடல் பதிப்பு அது, அதே எடைச் சிக்கலில்தான் விழுந்தது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்தது உண்மை. பிரிந்தது சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன். உடுப்பிக் கரைக்கு அப்பால் உள்ள செயின்ட் மேரித் தீவுகளின் எரிமலைப் பாறைகள் மடகாஸ்கரின் எரிமலைப் பாறைகளோடு வயதில் ஒத்துப்போவது அந்தப் பிரிவின் தடம். அப்போது மனிதர் யாரும் இல்லை, அந்த நிலமும் மூழ்கவில்லை, நகர்ந்தது.

மனிதர் பார்த்த கடல்கோள் வேறு கதை. பனியுக முடிவில் கடல் 120 மீட்டர் உயர்ந்தபோது பாக் நீரிணை, மன்னார் வளைகுடாவின் ஆழம் குறைந்த பகுதிகள் எல்லாம் நீருக்குள் போயின. அது திட்டு மூழ்கியது, கண்டம் மூழ்கியது அல்ல. இரண்டையும் ஒரே படத்தில் வரையும் பதிவுகளைப் பார்த்தால் கடலின் ஆழத்தை மட்டும் கேளுங்கள்: 120 மீட்டருக்குள் இருக்கிறதா, 4,000 மீட்டரா?